நெருக்கம் நெருடலாகும் இடம்

2022 ஆகஸ்டில் காட்பாடியிலிருந்த எல்.என்.எஸ். இன்டர்நேஷனல் ஃபைனான்ஷியல் சர்வீசஸ் நிறுவனத்தில் தமிழ்நாடு காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு சோதனை நடத்தியது. வேலூர், ராணிப்பேட்டை மாவட்டங்களில் அந்த நீளமான பெயரை யாரும் சொன்னதில்லை. ‘ஐ.எஃப்.எஸ்.’ என்றாலே நெமிலி, அரக்கோணம், காவேரிப்பாக்கம் பக்கத்து ஆட்களுக்குப் புரிந்துவிடும். சுமார் 84 ஆயிரம் பேரிடம் சுமார் 6 ஆயிரம் கோடி ரூபாய் திரட்டப்பட்டதாக விசாரணை அமைப்பு பிறகு தெரிவித்தது. மாதத்துக்கு 6 முதல் 10 விழுக்காடு வட்டி என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள். அன்றைக்கு வங்கி ஒரு வருடம் முழுவதற்கும் கொடுத்த வட்டியே அதற்கு மேல் இல்லை.

இத்தனை பேர் எப்படி நம்பினார்கள் என்ற கேள்விக்குப் பேராசை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுகிறோம். அந்தப் பதில் போதாது. பேராசை எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் உண்டு. ஆனால் முன்பின் தெரியாதவர் வந்து மாதம் 8 விழுக்காடு வட்டி தருகிறேன் என்றால், எவ்வளவு ஆசைக்காரரும் முதலில் கதவைச் சாத்துவார். இங்கே வந்தவர் தெரிந்தவர். மைத்துனர், உடன் படித்தவர், அடுத்த தெருக்காரர். பக்கத்துக் காஞ்சிபுரத்தில் காவல்துறையில் பணியாற்றிய சிலரே முகவர்களாக இருந்து நடவடிக்கைக்கு ஆளானார்கள். ஊருக்குள் விளம்பரம் செய்ய வேண்டிய வேலையைப் பழக்கமே செய்து முடித்தது.

ஆகவே, இரண்டு மனிதர்களுக்கு நடுவே நெருக்கம் எப்படி உருவாகிறது, எந்த அளவைத் தாண்டினால் அது சந்தேகமாகிறது, ஏன் சில நேரம் சந்தேகம் வரவேண்டிய இடத்தில் வராமலே போகிறது என்பதைப் பார்ப்பது இந்த வட்டாரத்துக்கு ஏட்டுக்கல்வி அல்ல. சமூக உளவியலில் அறுபது வருடங்களுக்கு மேலாக இதைப் பற்றிய ஆய்வுகள் நடந்து வருகின்றன. அவை மூன்று செயல்களைச் சுற்றியே வருகின்றன: எதிரில் இருப்பவரைப் போலவே அசைவதும் பேசுவதும், நம்மைப் பற்றிச் சிறிது திறந்து சொல்வது, கொடுத்து வாங்குவது.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். 1999இல் தான்யா சார்ட்ராண்ட், ஜான் பார்க் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கல்லூரி மாணவர் ஒருவரை உட்காரவைத்து, எதிரே மற்றொருவரையும் உட்காரவைத்து, இருவரும் மாறிமாறிச் சில புகைப்படங்களைப் பற்றிப் பேசும்படி செய்தார்கள். எதிரே இருந்தவர் ஆய்வாளர்களின் ஆள். பாதிப் பேரிடம் அவர் சும்மா உட்கார்ந்து பேசினார். மீதிப் பேரிடம், அவர்கள் சாய்ந்தால் தானும் சாய்ந்து, காலாட்டினால் தானும் காலாட்டிப் பேசினார். பிறகு, எதிரே இருந்தவரை எவ்வளவு பிடித்தது என்று 9 மதிப்பெண்ணுக்குப் போடச் சொன்னபோது சும்மா இருந்தவருக்குச் சராசரியாக 5.91 கிடைத்தது, ஒத்து அசைந்தவருக்கு 6.62 கிடைத்தது. தங்கள் அசைவு திருப்பிச் செய்யப்பட்டதை ஏறக்குறைய யாருமே கவனிக்கவில்லை.

இந்த எண்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் முக்கால் மதிப்பெண்ணுக்கும் குறைவு. விற்பனைப் பயிற்சி வகுப்புகளில் இதை வசியம் போலச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆய்வு சொல்வது வசியம் அல்ல, ஒரு சின்ன சாய்வு மட்டுமே. அந்தச் சாய்வும் எதிராளி கவனிக்காதவரைதான் இருக்கும்.

ஏன் பிடிக்கிறது? இதற்குத் தெளிவான துப்பு நெதர்லாந்து உணவகம் ஒன்றில் ரிக் வான் பாரன் குழுவினர் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. பரிமாறும் பெண் வாடிக்கையாளர் சொன்னதை அப்படியே வார்த்தை மாறாமல் திருப்பிச் சொன்னபோது டிப்ஸ் கூடியது. சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் ‘சரி’ என்று மட்டும் போனபோது அந்த அளவு வரவில்லை. நெமிலி பஸ் நிறுத்தத்து டீக்கடையில் இதைத் தினமும் பார்க்கலாம். “ரெண்டு ஸ்ட்ராங், ஒண்ணு சக்கரை கம்மி” என்று சொன்னவுடன் மாஸ்டர் உள்ளே திரும்பி அதையே உரக்கச் சொல்வார். சொன்னவர் முகம் தளர்கிறது. தன்னைப் போலவே ஒருவர் பேசினார் என்பதற்காக அல்ல. தான் சொன்னது காதில் விழுந்துவிட்டது, சர்க்கரை கம்மி என்பதும் சேர்த்தே விழுந்துவிட்டது என்பதற்காக. ஒத்தசைவின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அது ‘உன்னைக் கவனிக்கிறேன்’ என்பதற்கான அத்தாட்சி.

அந்த அத்தாட்சி போலி என்று பட்டால் எல்லாம் தலைகீழாகிறது. தோல் பட்டறைகளும் ஷூ கம்பெனிகளும் நிறைந்த ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பகுதிகளில் தமிழும் உருதுவும் ஒரே கடைவாசலில் புழங்குகின்றன. அங்கேயே பிறந்து வளர்ந்த இந்துக் கடைக்காரர் பேச்சுக்கு நடுவே ஓர் உருதுச் சொல்லைப் போட்டு, “வாங்க பாய்” என்று கூப்பிடுவது யாருக்கும் விசேஷமாகத் தெரியாது. வெளியூரிலிருந்து வந்த விற்பனைப் பிரதிநிதி வாக்கியத்துக்கு வாக்கியம் ‘பாய், பாய்’ என்று அடுக்கி, உருது பேசுபவர்கள் தமிழை இழுக்கும் இழுப்பையும் சேர்த்து இழுத்தால் கேட்பவர் முகம் இறுகிவிடும். அவர் இவர்களை மதிக்கிறாரா, நடித்துக் காட்டுகிறாரா என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. பேச்சை எதிராளிக்கு ஏற்ப வளைப்பதைப் பற்றி 1970களிலிருந்து எழுதிவரும் ஹோவர்ட் கைல்ஸ் என்ற மொழி உளவியலாளரும் அவர் வழிவந்தவர்களும் இதை அளவு மீறிய இணக்கம் என்று தனியாகவே வகைப்படுத்துகிறார்கள். அவர்கள் எடுத்துக்காட்டும் இன்னொரு வடிவம் நம் மருத்துவமனைகளிலும் உண்டு. எழுபது வயதுப் பெரியவரிடம் குழந்தையிடம் பேசுவது போல் “சாப்ட்டீங்களா, சமத்தா மாத்திரை போட்டுக்கணும்” என்று கொஞ்சுவது. பேசுபவர் அன்பாகத்தான் பேசுகிறார். கேட்பவருக்கு, தன்னைக் கிழடு என்று முடிவுகட்டிவிட்டார்கள் என்று படுகிறது.

இடமும் முக்கியம். 2012இல் பான்டஸ் லியாண்டரும் சார்ட்ராண்ட், பார்க் இருவரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், உரையாடல் நட்பாக இருந்தபோது ஒத்தசைவு இல்லாவிட்டால் மனிதர்கள் குளிர்ச்சியை உணர்ந்தார்கள். உரையாடல் கறாராக, வேலை சம்பந்தமாக மட்டும் இருந்தபோது ஒத்தசைவு இருந்தால் குளிர்ச்சியை உணர்ந்தார்கள். எந்த உறவுக்கு எவ்வளவு என்ற ஒரு கணக்கை உடம்பு வைத்திருக்கிறது, அதற்குப் பொருந்தாவிட்டால் நெருடுகிறது என்பது அவர்களது முடிவு. இதுபோன்ற ஆய்வுகள் பெரும்பாலும் சிறு குழுக்களில், மேற்கத்தியக் கல்லூரி மாணவர்களிடம் நடந்தவை. அளவுகளை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் தாலுகா அலுவலகத்தில் பட்டாவுக்காக நிற்பவர் எழுத்தரின் உட்காரும் பாணியைக் காப்பியடித்தால் காரியம் நடக்காது என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததே.

இரண்டாவது, தன்னைப் பற்றித் திறந்து சொல்வது. இதில் ஓர் ஆய்வை மட்டும் முழுதாகச் சொல்வது நல்லது, ஏனென்றால் அளவு மீறும் இடம் எது என்பதை அவ்வளவு துல்லியமாகக் காட்டிய வேறொன்று அரிது. 1975இல் ஸிக் ரூபின் என்பவர் வெளியிட்டது. பாஸ்டன் விமான நிலையத்தில் விமானத்துக்காகத் தனியாகக் காத்திருந்த பயணிகளிடம் மாணவர்கள் போய், கையெழுத்து ஆய்வுக்காகச் சில வரிகள் எழுதித் தர முடியுமா என்று கேட்டார்கள். பயணி எழுதுவதற்கு முன் மாணவர் தன்னைப் பற்றிச் சில வரிகளைத் தாளின் மேல்பகுதியில் எழுதினார். சிலரிடம் வேலையைப் பற்றிய சாதாரண விஷயம். சிலரிடம் கொஞ்சம் சொந்த விஷயம். சிலரிடம் மிகவும் அந்தரங்கமான விஷயம்.

ஒரு பாதிப் பயணிகள் முன்னால், மாணவர் ஏற்கெனவே அச்சில் இருந்த வரிகளைப் பார்த்து எழுதுவது வெளிப்படையாகத் தெரிந்தது. அங்கே, மாணவர் எவ்வளவு அந்தரங்கமாக எழுதினாரோ அந்த அளவுக்குப் பயணியும் திறந்து எழுதினார். அவர் அதை ஒரு மாதிரியாக எடுத்துக்கொண்டார். இப்படித்தான் எழுதவேண்டும் போலிருக்கிறது என்று. மறுபாதியில், மாணவர் பயணியைப் பார்த்து, அவருக்கென்றே யோசித்து எழுதுவது போல் எழுதினார். இங்கே நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. சாதாரணத்திலிருந்து கொஞ்சம் சொந்தமானதற்குப் போனவரை பயணிகளும் கூடவே வந்தார்கள். மிகவும் அந்தரங்கமானதைக் கொட்டியபோது பின்வாங்கினார்கள். முன்பின் தெரியாத ஒருவர் என்னிடம் ஏன் இதைச் சொல்கிறார் என்ற கேள்வி பேனாவைப் பிடித்துக்கொண்டது.

சொன்ன விஷயம் இரண்டு பக்கத்திலும் ஒன்றேதான். மாறியது, அது எனக்காகச் செய்யப்படுகிறது என்ற எண்ணம் மட்டும். அந்த எண்ணம் சின்ன அளவில் வந்தால் நம்பிக்கை, பெரிய அளவில் வந்தால் எச்சரிக்கை.

ஊர் வழக்கில் இது நன்றாகப் படிந்திருக்கிறது. மகளிர் குழுக் கூட்டத்துக்கு வரும் கடன் வசூல் அலுவலர் மூட்டுவலியைப் பற்றிப் பேசும் ஒரு அக்காவிடம், “எங்க அம்மாவுக்கும் இதேதாங்க்கா, மாடிப்படி ஏறவே முடியல” என்று ஒரு வரி சொல்வார். அக்கா அவர் அம்மாவைப் பற்றி ஒரு கேள்வி கேட்பார். ஒரு படி இவர், ஒரு படி அவர். அதே அலுவலர் முதல் வாரமே தன் கல்யாண வாழ்க்கையின் கசப்பைச் சொல்லி அழத் தொடங்கினால், அடுத்த வாரம் அந்த வீட்டில் பெரியவர்களே கதவைத் திறப்பார்கள். இந்தப் படிமுறை பற்றி 2013இல் சூசன் ஸ்ப்ரெச்சர் குழுவினர் வெளியிட்டதும் இதையே சொல்கிறது. அறிமுகமில்லாத இருவரில் ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்ல மற்றவர் கேட்டுக்கொண்டே இருந்து பிறகு இடம் மாறியதைவிட, உடனுக்குடன் மாறிமாறிச் சொல்லிக்கொண்டவர்கள் ஒருவரையொருவர் கூடுதலாக விரும்பினார்கள். இருவரும் முடிவில் சொன்னது ஏறக்குறைய ஒரே அளவு. முறை மாறியதுதான் வேறுபாடு.

கொடுத்து வாங்குவதற்கு வருவோம். தமிழ்நாட்டில் இதற்கு நோட்டுப் புத்தகமே உண்டு. கல்யாண வீட்டு வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் எழுதும் மொய் நோட்டைவிடத் தெளிவான கைம்மாறு ஆவணம் எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்துகளில் இது ஒரு வட்டாரத்தின் நிதி ஏற்பாடாகவே வளர்ந்திருக்கிறது. நெமிலிப் பக்கம் அந்த அளவுக்கு விருந்து கிடையாது, ஆனால் செய்முறைக் கணக்கு எந்த வீட்டிலும் மறக்கப்படுவதில்லை.

அந்தக் கணக்கின் நுணுக்கம் தொகையில் இருக்கிறது. ஒருவர் நம் வீட்டு விசேஷத்தில் 1,000 ரூபாய் எழுதியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வீட்டு விசேஷத்தில் 1,000 மட்டும் திருப்பி எழுதினால் கணக்குத் தீர்ந்தது, உறவும் ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது. 1,500 எழுதினால் பழைய ஆயிரம் கழிந்து, புதிதாக 500 அவர் பக்கம் நிற்கிறது. அடுத்த விசேஷத்துக்கு அவர் வந்தாக வேண்டும். உறவு நடந்துகொண்டே இருக்கிறது. ஆனால் தூரத்துப் பழக்கத்தில் இருக்கும் ஒருவர் திடீரென்று 25,000 எழுதிவிட்டுப் போனால் அன்றிரவே வீட்டில் பேச்சு நடக்கும். தேர்தலில் நிற்கப்போகிறாரா, பெண் கேட்டு வரப்போகிறாரா, நிலத்தில் கண்ணா? சந்தோஷத்தைக் காட்டிலும் பாரம்தான் கூடுகிறது. திருப்பிக் கொடுக்கக்கூடிய அளவில் இருக்கும்வரைதான் கொடை நெருக்கத்தை உண்டாக்கும்.

இன்னொரு உண்மையும் இதில் இருக்கிறது. பலர் அதைத் தவறவிடுகிறார்கள். கொடுத்தால் பிடித்துப்போகும் என்று நினைக்கிறோம். டென்னிஸ் ரீகன் 1971இல் வெளியிட்ட சோதனை வேறு மாதிரிச் சொல்கிறது. ஆய்வில் கூட இருந்த ஓர் ஆள் வெளியே போய்விட்டு வரும்போது கேட்காமலே ஒரு கோக் பாட்டிலை வாங்கிவந்து நீட்டினார். சற்று நேரம் கழித்து, தான் விற்கும் லாட்டரி மாதிரியான குலுக்கல் சீட்டை வாங்கிக்கொள்ளச் சொன்னார். கோக் வாங்கிக் குடித்தவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சீட்டு வாங்கினார்கள். கோக் கிடைக்காதவர்களில், அவரைப் பிடித்தவர்கள் அதிகமாகவும் பிடிக்காதவர்கள் குறைவாகவும் வாங்கினார்கள். கோக் கிடைத்தவர்களிடம் அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துபோனது. பிடிக்காதவரிடமும் வாங்கினார்கள், வாங்கிக் குடித்துவிட்டோமே என்பதற்காக. அப்படியானால் கைம்மாறு கொண்டுவருவது நட்பை அல்ல, சம்மதத்தை. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே தெரியும்.

இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு ஐ.எஃப்.எஸ். போன்ற திட்டங்களின் முகவர் வேலையைப் பார்க்கலாம். ஒரு வழக்கமான சந்திப்பை எடுத்துக்கொள்வோம். முகவர் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன். ஒரே பேச்சு, ஒரே சாமி, ஒரே ஊர்த் திருவிழா. அவர் எந்த ஒத்தசைவையும் பழகிக்கொண்டு வரத் தேவையில்லை, பிறந்ததிலிருந்தே அப்படித்தான். தன்னைப் பற்றி ஒரு வரி திறந்து சொல்கிறார்: “அண்ணே, நானும் முதல்ல பயந்தேன். ஒரு லட்சம் போட்டுப் பாத்தேன், மூணு மாசமா தேதி தவறாம வருது.” செல்போனைத் திறந்து வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியைக் காட்டுகிறார். அது அளவான திறப்பு, அடுத்த படிக்கு மட்டுமே அழைக்கும் திறப்பு. பிறகு கைம்மாறு. முதல் மாத வட்டி சொன்ன தேதியில் வந்துவிடுகிறது. இப்போது வீட்டுக்காரர் அவருக்குக் கடன்பட்டவர். “உங்க மச்சினர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே” என்று அவர் கேட்டால் மறுக்க வாய் வராது.

இதில் எங்கே அளவு மீறியது? எங்குமே மீறவில்லை. அதுதான் இந்த விவகாரத்தின் கொடுமை. விமான நிலையத்துப் பயணிகளைப் பின்வாங்கவைத்த கேள்வி, ‘இவர் ஏன் என்னிடம் இதைச் செய்கிறார்’ என்பது, இங்கே எழவேயில்லை. அதற்குப் பதில் ஏற்கெனவே இருந்தது: சொந்தக்காரர், நமக்கு நல்லது நினைக்கிறார். கீழ்நிலை முகவர்களில் பலர் தங்கள் பணத்தையும் போட்டு, உண்மையாகவே நம்பித்தான் பேசினார்கள். அவர்கள் முகத்தில் நடிப்பு இல்லை, ஏனென்றால் அவர்கள் நடிக்கவில்லை.

மனிதனுக்குள் இருக்கும் எச்சரிக்கை மணி பிடித்தால் நடிப்பை மட்டுமே பிடிக்கும். பொய்யான பாசத்தையாவது சில நேரம் கண்டுபிடித்துவிடுகிறோம். உண்மையான பாசத்தோடு சேர்ந்து வரும் பொய்யான கணக்கைக் கண்டுபிடிக்க அந்த மணியால் ஆகாது. ‘ஆளைப் பார்த்தால் தெரியும்’ என்று பெரியவர்கள் சொல்வது ஆளைப் பற்றி மட்டுமே சரி. ஆள் கொண்டுவரும் திட்டத்தைப் பற்றி ஆளின் முகத்தில் எதுவும் எழுதியிருக்காது.

அப்படியானால் கேட்க வேண்டியது பழக்கத்தால் பதில் சொல்ல முடியாத கேள்விகள். இந்த நிறுவனம் மக்களிடம் வைப்புத்தொகை வாங்க ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்றிருக்கிறதா? மாதம் 8,000 ரூபாய் எனக்குத் தருவதற்கு என் ஒரு லட்சத்தைக் கொண்டு எந்தத் தொழிலில் எவ்வளவு சம்பாதிக்க வேண்டும்? ஆம்பூரில் தோல் பதனிட்டு ஏற்றுமதி செய்யும் ஒருவர் வருடத்துக்கு நூற்றுக்கு எத்தனை லாபம் பார்க்கிறார் என்று அந்தத் தொழிலில் இருக்கும் உறவினரிடம் கேட்டாலே, மாதம் நூற்றுக்கு எட்டு என்பதன் அபத்தம் தெரிந்துவிடும். பதிவில்லாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் மத்தியச் சட்டம் 2019இலிருந்து இருக்கிறது. தமிழ்நாட்டின் முதலீட்டாளர் நலன் காக்கும் சட்டம் 1997இலிருந்தே இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ என்ற இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பார்க்கவும், புகார் தரவும் வழியுண்டு. கேள்வி கேட்டதும் பதில் கணக்குக்கு வராமல் உறவுக்குத் திரும்பினால், “என்மேல நம்பிக்கை இல்லையா அண்ணே” என்று வந்தால், அங்கேதான் நிற்க வேண்டும். அந்த இடத்தில் நெருக்கம் தன் வேலையை விட்டுவிட்டுக் கணக்கின் வேலையைச் செய்யத் தொடங்குகிறது.

நெருக்கம் வேலை செய்தது பணம் போடும்போது மட்டும் அல்ல. நிறுவனத்தின் மீது வழக்குப் பதிவான பிறகு, பாதிக்கப்பட்டவர்கள் முன்வந்து புகார் தரும்படி பொருளாதாரக் குற்றப்பிரிவு பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. அப்படிப் புகார் எழுத உட்காரும் வீட்டுக்காரர் முதல் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருக்கும். பணத்தை யாரிடம் கொடுத்தீர்கள் என்ற கேள்விக்கு எழுத வேண்டிய பெயர் காட்பாடி நிறுவனத்தின் இயக்குநர் பெயர் அல்ல. தன் மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவரின் பெயர். அவர் தானும் பணத்தை இழந்தவர். அவர் சொல்லித்தான் போட்டோம் என்று எழுதினால் அவர் குற்றம் சாட்டப்பட்டவர் ஆகக்கூடும், எழுதாவிட்டால் பணம் போன வழிக்குச் சாட்சியம் இல்லை. இதோடு, அவர் பேச்சைக் கேட்டு வீட்டுக்காரரே கூட்டிவந்த மைத்துனர் அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிறார். மைத்துனர் புகார் எழுதினால் அதில் வீட்டுக்காரரின் பெயர் இருக்கும்.